மாரி காலத்தில் சப்பாத்து ஏன் நாறுகிறது? கழுவுவதிலும் பார்க்க உலர்த்துவதில்தான் விடை இருக்கிறது

திருகோணமலையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்குக் கிட்டிய அளவு நவம்பர், டிசெம்பர் ஆகிய இரண்டு மாதங்களில் கொட்டிவிடுகிறது. கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் கொடியில் போட்ட துணி மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். வாடை தொடங்கி, உட்துறைமுகத்தின் மேல் மேகம் கவிந்தபின் அதே துணி இரண்டு நாள் தொங்கினாலும் கையில் ஈரம் ஒட்டும். வீட்டு வாசலில் சப்பாத்து நாற்றம் எழுவதும் இந்த மாதங்களில்தான். பாடசாலைப் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து, துறைமுகத்திலோ சீனக்குடாப் பக்கத்து ஆலைகளிலோ வேலை செய்பவரின் கனத்த பாதுகாப்புச் சப்பாத்து, செயற்கைக் கால் அணிபவரின் உறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இதைப் பலர் அழுக்கின் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். அதனால் அடிக்கடி கழுவுகிறார்கள், வாசனைத் தூள் போடுகிறார்கள், கடைசியில் வேறு சப்பாத்து வாங்குகிறார்கள். மாரியில் அடிக்கடி கழுவிய சப்பாத்து முன்பைவிட மோசமாக நாறுவதும் உண்டு. ஈரத்தை வெளியேற்றாமல் மேலும் ஈரத்தை ஊற்றினால் அப்படித்தான் ஆகும். வீட்டில் ஆளுக்கு ஒரு சோடி மட்டுமே இருக்கும்போது, செலவில்லாமல் இதை எப்படிக் கையாளலாம் என்பதை இக்கட்டுரை ஒழுங்காகச் சொல்கிறது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

புதிதாக வழியும் கால் வியர்வைக்குப் பெரிதாக மணம் இல்லை. பாதத்தின் தடித்த தோலிலிருந்து நுண்ணிய செதில்கள் எப்போதும் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. தோலில் இயல்பாக வாழும் பக்டீரியாக்கள் இந்தச் செதில்களையும் வியர்வையில் உள்ள பொருட்களையும் உண்டு, ஐசோவலெரிக் அமிலம் போன்ற ஆவியாகும் அமிலங்களை வெளியிடுகின்றன. புளித்த சீஸின் மணத்துக்கும் சப்பாத்து நாற்றத்துக்கும் ஒற்றுமை இருப்பது இதனால்தான். இரண்டிலும் நெருங்கிய உறவுடைய பக்டீரியாக்கள் வேலை செய்கின்றன.

இந்தப் பக்டீரியாக்களுக்கு உணவு, இளஞ்சூடு, ஈரம் மூன்றும் வேண்டும. உணவை முழுவதும் நிறுத்த முடியாது, தோல் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். சூடு காலிலிருந்தே வருகிறது. நம் கைக்குள் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர்களில் நன்கு தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. ஒரு காலில் செயற்கைப் பாதம் பொருத்தியவரின் சப்பாத்துச் சோடியை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வீதியில் நடந்தவை. ஆனால் இயல்பான காலின் சப்பாத்து நாறும். ரப்பர் பாதத்தின் சப்பாத்தில், மழையில் நனைந்தால் ஒழிய, அந்தப் புளித்த நாற்றம் வராது. அங்கே வியர்வையும் இல்லை, உதிரும் தோலும் இல்லை. அந்த மனிதரின் வியர்வை அந்தப் பக்கத்தில் மேலே, செயற்கைக் காலின் சொக்கெட்டுக்குள் போடும் உறையில் தேங்குகிறது. அதனால் நாற்றமும் அங்கேதான் வருகிறது. அந்த உறையைப் பற்றிப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

காலுறையைக் கழுவும் முறை

மேஸ் என்று நாம் சொல்லும் காலுறையில் நாற்றம் இருப்பது உட்பக்கத்தில். ஆகவே முதலில் அதை உட்புறம் வெளியே வரப் புரட்டிப் போட வேண்டும். புரட்டாமல் கழுவினால் வீதித் தூசி போகும், தோல் செதில் உள்ளேயே இருக்கும்.

சூடான நீரில் ஊறவைப்பது அடுத்த படி. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூட்டில் பெரும்பாலான பக்டீரியாக்கள் அழிந்துவிடும். வெப்பமானி தேவையில்லை. கொதித்த நீர் ஒரு பங்கும் கிணற்று நீர் ஒரு பங்கும் கலந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும். நான்கைந்து லீற்றர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைத்தூள் போட்டு, காலுறைகளைத் தடியால் அமிழ்த்தி அரை மணி நேரம் விடுங்கள். அந்த நீரில் கை வைக்க வேண்டாம், பிள்ளைகள் எட்டும் இடத்திலும் வைக்க வேண்டாம். பருத்திக் காலுறை இந்தச் சூட்டைத் தாங்கும். கம்பளி சுருங்கும். நைலோன் கூடுதலாகக் கலந்தவற்றுக்கும் நிறம் போகும் காலுறைகளுக்கும் இளஞ்சூட்டு நீர் போதும், ஆனால் ஊறும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

இங்கே தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அந்த நீரில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தால் நுரை வராது, தயிர் திரிந்தாற்போல வெள்ளைப் படிவு மிதக்கும். அந்தப் படிவு நூலின் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு, தோல் செதிலையும் பக்டீரியாவையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். கழுவிய காலுறை விறைப்பாகவும் சாம்பல் நிறமாகவும் ஆகிக்கொண்டே போனால் காரணம் அதுதான். இப்படிப்பட்ட நீரில் கட்டிச் சவர்க்காரத்தைவிடச் சலவைத்தூள் நன்றாக வேலை செய்யும்.

மாரி எங்களுக்கு ஒரு நன்மையும் செய்கிறது. கூரையிலிருந்து வடியும் மழைநீர் மென்னீர். முதல் மழையில் கூரைத் தூசி போகவிட்டு, பின்னர் பிடித்த நீரை மூடிவைத்து, கடைசி அலசலுக்குப் பயன்படுத்துங்கள். உலர்த்துவதற்கு இடைஞ்சல் தரும் அதே மழை, கிணற்று நீரைவிடச் சுத்தமாகச் சவர்க்காரத்தை அகற்றித் தரும்.

ஏற்கெனவே படிவு ஏறிவிட்ட காலுறைக்கு ஒரு முறை வினாகிரி அலசல் உதவும். இரண்டு லீற்றர் நீரில் அரைக் கோப்பை வினாகிரி விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசுங்கள். ஆனால் வினாகிரியைக் குளோரின் சேர்ந்த வெளுப்பு நீருடனோ, கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளுடனோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். ஒரே வாளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாவிப்பதும் ஆபத்து. துணியை மிருதுவாக்க விற்கப்படும் வாசனைத் திரவத்தையும் காலுறைக்குப் போடாமல் விடுவது நல்லது. அது நூலின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, அடுத்த முறை கழுவும்போது நீர் உள்ளே போவதைத் தடுக்கிறது.

கழுவியது போதுமா என்று அறிய ஒரு வழி உண்டு. உலர்ந்த காலுறை சும்மா மணந்தால் நன்றாகத்தான் இருக்கும். அதன் விரல் பகுதியில் சில துளி இளஞ்சூட்டு நீர் தெளித்து, உள்ளங்கையில் ஒரு நிமிடம் பொத்திப் பிடித்துப் பின் மணந்து பாருங்கள். பழைய நாற்றம் திரும்பி எழுந்தால் அது இன்னும் நூலுக்குள் இருக்கிறது, காலில் போட்டு ஒரு மணி நேரத்தில் வெளியே வரும். பொலியெஸ்டர் கலந்த காலுறைகளில் இது கூடுதலாக நடக்கும்.

மழை நாளில் காலுறையை உலர்த்துதல்

கழுவிய துணி ஒரு நாளுக்கு மேல் ஈரமாகவே கிடந்தால் அதில் வேறொரு வகைப் பக்டீரியா பெருகி ஈரவாடை தரும். அது கால் நாற்றம் அல்ல, நனைந்த துணியின் நாற்றம். ஆகவே கொடியில் போடுவதற்கு முன்பே இயன்ற அளவு நீரை அகற்றிவிட வேண்டும். உலர்ந்த துவாய் ஒன்றை விரித்து, பிழிந்த காலுறைகளை அதன்மேல் அடுக்கி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். கையால் பிழிந்தபின்னும் காலுறையில் இருக்கும் நீரில் கணிசமான பங்கைத் துவாய் இழுத்துக்கொள்ளும்.

பின்னர் உட்புறம் வெளியே இருக்கும்படியே, விரல் முனையில் கிளிப் போட்டு, வாய் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். வாய் திறந்திருப்பதால் காற்று உள்ளே போய்வரும், இழுவைப் பட்டியும் தளராது. ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஒரு கையகல இடைவெளி வேண்டும். நெருக்கி மாட்டினால் ஒன்றின் ஈரம் மற்றதில் நிற்கும்.

மின்விசிறி இருந்தால் குறைந்த வேகம் போதும். உலர்வதற்குச் சூட்டைவிட அசையும் காற்றுதான் முக்கியம். தகரக் கூரை வீடுகளில் பகலில் தகரத்தின் அடியில் காற்று சற்றுச் சூடாக இருக்கும், கொடியை அங்கே உயரக் கட்டலாம். இரவில் அதே தகரத்தின் அடியில் நீர் முத்துக்கள் துளிர்த்துச் சொட்டும், ஆகவே பொழுதுபட்டதும் கொடியை இறக்கிவிட வேண்டும். அடுப்புக்கு மேல் போடுவதால் ஈரம் போகும், ஆனால் புகை ஏறும். காலையில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தால், நூலுக்கு ஏற்ற சூட்டில் அயன் பண்ணிக் கடைசி ஈரத்தை விரட்டலாம்.

எத்தனை சோடி வேண்டும்?

இதை அனுமானத்தில் விடாமல் எண்ணிப் பார்க்கலாம். கச்சான் காலத்தில் மாலை கழுவிய காலுறை மறுநாள் மத்தியானத்துக்குள் காய்கிறது. அப்போது இரண்டு சோடி போதும். மாரியில் உலர இரண்டு முழு நாள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கள் அணிந்து, திங்கள் மாலை கழுவிய சோடி புதன் மாலைதான் காயும், வியாழக்கிழமை அணியலாம். இடையில் செவ்வாய்க்கு ஒன்று, புதனுக்கு ஒன்று. ஆக மூன்று சோடி சுற்றில் இருக்க வேண்டும். வழியில் மழையில் நனைந்துவிட்டால் மாற்றுவதற்கு நான்காவதாக ஒன்றை ஒரு பொலித்தீன் பையில் போட்டுப் புத்தகப் பையிலேயே வைத்துவிடலாம். நான்குக்கு மேல் வாங்குவதால் நாற்றத்தில் வித்தியாசம் வராது.

வெள்ளைச் சப்பாத்து: ஞாயிறு வேண்டாம், வெள்ளி

பாடசாலைச் சப்பாத்து விடயத்தில் பல வீடுகளில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று. சப்பாத்தை ஞாயிற்றுக்கிழமை கழுவுவது. ஞாயிறு மாலை 4 மணிக்குக் கழுவினால் திங்கள் காலை 6.30 வரை பதினான்கரை மணித்தியாலங்கள்தான் கிடைக்கின்றன. அதுவும் பெரும்பாலும் இரவு. கச்சான் காலத்தில் இது எப்படியோ சமாளித்துப் போகும். கார்த்திகையில் வெளித்துணி காய்ந்ததுபோலத் தோன்றும், அடியிலும் விரல் முனையிலும் ஈரம் நிற்கும். பிள்ளை அந்த ஈரத்துக்குள் காலை விட்டு எட்டு மணித்தியாலம் மூடிவைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வந்தவுடன் 3 மணிக்குக் கழுவினால் திங்கள் காலை வரை அறுபத்து மூன்றரை மணித்தியாலங்கள் கிடைக்கும். மழையிலும் உலர்த்திவிடலாம்.

கழுவும்போது நூலையும் உள்ளே கிடக்கும் மெத்தை அடியையும் வெளியே எடுத்துத் தனியாகக் கழுவுங்கள். நாற்றத்தின் பெரும்பகுதி அந்த மெத்தை அடியில்தான் இருக்கிறது. கன்வஸ் சப்பாத்துக்குக் கொதிநீர் கூடாது, அடியை ஒட்டிய பசை இளகும். சாதாரண நீரில் சலவைத்தூள் கரைத்து, பழைய பற்தூரிகையால் உட்பக்க விரல் முனைவரை தேய்த்து, நுரை முழுவதும் போகும்வரை அலச வேண்டும். சவர்க்காரம் மிஞ்சினால் உலரும்போது அது ஓரங்களுக்கு ஏறி மஞ்சள் கறையாக நிற்கும்.

பின்னர் தாளால் உள்ளே அடைக்க வேண்டும். வெள்ளைச் சப்பாத்துக்குப் பத்திரிகைத் தாளைப் பாவித்தால் மை பிடிக்கும், எழுதாத கொப்பித் தாள் அல்லது பழைய வெள்ளைத் துணி நல்லது. தாளைப் பந்தாகக் கசக்கி விரல் முனைவரை தள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் அது நனைந்திருக்கும், எடுத்து மாற்றுங்கள். அடுத்த மாற்றம் மூன்று நான்கு மணி நேரத்தின் பின். நனைந்த தாளை உள்ளேயே விட்டுவிட்டால் அது ஈரத்தைக் காப்பாற்றித் தரும் மூடியாக மாறிவிடும். இரண்டாம் நாள் தாளை முழுவதும் எடுத்துவிட்டு, நாக்கை முன்னே இழுத்துத் திறந்து, சுவரில் சாய்த்து, குதி கீழே விரல் முனை மேலே இருக்க வைத்துக் காற்றுப்பட விடுங்கள். வெயில் எட்டிப்பார்த்தால் வெளியே வைக்கலாம்.

காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டு அறிவது கடினம், குளிர்ச்சியும் ஈரமும் விரலுக்கு ஒன்றுபோலத் தெரியும். அதற்குப் பதிலாக, மொறுமொறுப்பான ஒரு தாள் துண்டை மடித்து இரவில் விரல் முனைக்குள் வைத்துவிடுங்கள். காலையில் எடுக்கும்போது அது சலசலத்தால் சப்பாத்து காய்ந்திருக்கிறது. துவண்டிருந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. வெள்ளைப் பூச்சை இந்தச் சோதனையில் தேறியபின்தான் பூச வேண்டும்.

வேலைச் சப்பாத்து: ஒரே சோடியைச் சுழற்றுவது எப்படி?

சப்பாத்தை ஒரு நாள் போட்டால் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள் என்பதே வழக்கமான ஆலோசனை. தோல் சப்பாத்தின் உள்ளே ஊறிய வியர்வை வெளியேற ஓர் இரவு போதாது என்பதால் அது சரியான ஆலோசனைதான். ஆனால் வேலைத்தளம் தரும் பாதுகாப்புச் சப்பாத்து ஒரே சோடியாக இருக்கும்போது, இரண்டாவதை வாங்கச் சொல்வது பல வீடுகளுக்குப் பயன்படாது. சோடியைச் சுழற்ற முடியாவிட்டால் அதன் மெத்தை அடியைச் சுழற்றலாம். வியர்வையில் பெரும்பங்கைக் குடிப்பது அதுதான்.

சரக்கு இறக்கும் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாலை 5.30க்கு வீட்டுக்கு வருகிறார். சப்பாத்தைக் கழற்றியவுடன் நூலைக் கடைசித் துளைவரை தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, மெத்தை அடியை எடுத்துக் கொடியில் மாட்டுகிறார். உள்ளே பத்திரிகைத் தாள் அடைக்கிறார். 6.30க்கு ஒருமுறை, படுக்கப் போகும்போது ஒருமுறை மாற்றுகிறார். விரல் பகுதியில் உருக்குத் தொப்பி இருப்பதால் அங்கே காற்றோ ஈரமோ ஊடுருவாது, ஆகவே தாள் முனைவரை போக வேண்டும். காலை 4.30க்குத் தாளை எடுத்துவிட்டு வேறொரு மெத்தை அடியைப் போட்டுக்கொள்கிறார். நேற்றையது இன்று முழுவதும் கொடியில் காய்கிறது. மூன்று சோடி மெத்தை அடிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும்.

கடையில் வாங்க வசதியில்லாவிட்டால், பழைய பருத்திச் சாரத்தை மூன்று நான்கு மடிப்பாக்கி, மெத்தை அடியின் அளவுக்கு வெட்டி ஓரம் தைக்கலாம். மட்டையில் வெட்டியதும் ஒரு நாள் பாவித்து எறிய உதவும். ஆனால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைச் செய்யக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களும், ஷெல் துண்டு பட்டு நரம்பு சேதமாகிப் பாதம் மரத்துப் போனவர்களும் இதில் அடங்குவர். துணியில் விழும் ஒரு சுருக்கம் அவர்களுக்குத் தெரியாமலேயே புண்ணாக்கிவிடும். அவர்களுக்குச் சுருக்கம் விழாத, அளவான மெத்தை அடிதான் பாதுகாப்பு. சப்பாத்தைப் போடுமுன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பதும் அவசியம்.

தோல் சப்பாத்தை நீரில் அமிழ்த்திக் கழுவ வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பங்கு வினாகிரிக்கு ஒரு பங்கு நீர் கலந்து, துணியை நனைத்து நன்கு பிழிந்து உட்பக்கத்தைத் துடைத்து, ஓய்வு நாளில் உலரவிடுங்கள். அடுப்பருகே வைத்தால் தோல் வெடித்து, அடி கழன்றுபோகும்.

அப்பச்சோடா பற்றிப் பலரும் கேட்பார்கள். அது உதவும், ஆனால் அதன் வேலை என்ன என்று தெரிந்து பாவிக்க வேண்டும். நாற்றம் தரும் அமிலத்தோடு சேர்ந்து அதை ஆவியாகாத உப்பாக மாற்றுகிறது, அவ்வளவுதான். பக்டீரியாவையோ ஈரத்தையோ அது தீர்க்காது. உலர்ந்த சப்பாத்துக்குள் ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி தூவி, இரவு விட்டு, காலையில் தட்டிக் கொட்டுங்கள். ஈரச் சப்பாத்தில் போட்டால் களியாகி ஒட்டிக்கொள்ளும். தோல் சப்பாத்தில் அடிக்கடி போட்டால் தோல் வறளும். முகப்பவுடர் நாற்றத்தை மூடுமே தவிர அமிலத்தை மாற்றாது.

செயற்கைக் கால் அணிபவர்களின் உறை

யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையமும் பின்வந்த வேறு நிலையங்களும் போரில் காலை இழந்த எத்தனையோ பேரை நடக்கவைத்திருக்கின்றன. 1960களின் பிற்பகுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவான அந்த ரப்பர் பாதம், வெறுங்காலோடும் சேற்றிலும் நடக்க ஏற்றது. நனைந்தால் பாதத்துக்கு ஒன்றும் ஆகாது. கவனிக்க வேண்டியது மேலே உள்ள சொக்கெட்டும், அதற்குள் எஞ்சிய காலில் போடும் உறையும்தான். இங்கே ஈரம் நாற்றத்தோடு நிற்பதில்லை. நனைந்த உறை தோலில் உராய்ந்து கொப்புளம் போடும். கொப்புளம் ஆறும்வரை காலைப் போட முடியாது. அத்தனை நாளும் வேலையும் வருமானமும் நின்றுபோகும்.

இந்த உறையை ஒவ்வொரு நாளும் கழுவ வேண்டும். மேலே சொன்ன சூட்டு நீர் முறை இதற்கு வேண்டாம். கம்பளி கலந்த உறை சுருங்கிவிட்டால் சொக்கெட்டின் பிடிப்பே மாறிப்போகும். இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, சவர்க்காரம் எள்ளளவும் இல்லாதவாறு அலசுங்கள், மிஞ்சும் சவர்க்காரம் மூடிய தோலைக் கடிக்கும். வெளுப்பு நீரோ மிருதுவாக்கும் திரவமோ கூடாது. முறுக்கிப் பிழியாமல் துவாயில் வைத்து அழுத்தி, தட்டையாக விரித்து நிழலில் காயவிடுங்கள். ஜெல் அல்லது சிலிக்கன் உறை பாவிப்பவர்கள், அதையும் தினமும் கழுவி, ஈரம் துடைத்து, இரவில் காற்றுப்பட விட வேண்டும்.

வியர்க்கும் நாளில் மத்தியானம் ஒருமுறை உறையை மாற்றுவது நல்லது. நாளுக்கு இரண்டு என்றால், மேலே போட்ட அதே கணக்கின்படி மாரியில் ஆறு உறை சுற்றில் வேண்டும். நிலையத்துக்குப் போகும்போது இந்த எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள். மாற்றும்போது அதே தடிப்புள்ள உறையையே போட வேண்டும்.

சொக்கெட்டின் உட்பக்கத்தைச் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் இரவில் துடைத்து, நல்ல நீரால் மறுபடி துடைத்து, காலைவரை திறந்துவிடுங்கள். எஞ்சிய காலைக் கழுவுவதும் இரவில்தான். காலையில் கழுவினால் தோல் நீரில் ஊறி மெல்ல வீங்கி, சொக்கெட்டில் ஒட்டி உராயும்.

கழுவி உலர்த்தியும் போகாவிட்டால்

இரண்டு வாரம் உலர்ந்த காலுறை, உலர்ந்த சப்பாத்து என்று ஒழுங்காக இருந்தும் நாற்றம் குறையாவிட்டால் காரணம் தோலில் இருக்கலாம். காலைக் கழுவி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குதியிலும் முன்பாதத்திலும் ஊசியால் குத்தியதுபோலச் சிறுசிறு குழிகள் தெரிந்தால், அது நாள் முழுக்க மூடிய சப்பாத்து அணிபவர்களிடம் காணப்படும் ஒரு பக்டீரியாத் தொற்று. விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி, உரிந்து, அரித்தால் அது சேற்றுப்புண். இரண்டுக்கும் பூசும் மருந்து உண்டு, ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றதுக்கு ஆகாது. ஆகவே கடையில் கேட்டு வாங்காமல் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

நீரிழிவு உள்ளவர்களும் பாதம் மரத்தவர்களும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். திடீரென்று அழுகல் வாடை வந்தால், காலுறையில் மஞ்சள் நீரோ இரத்தமோ ஒட்டியிருந்தால், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். செயற்கைக் கால் அணிபவர்கள், தோல் சிவந்து பத்து நிமிடத்தில் மங்காவிட்டாலோ உறையில் புது வாடை வந்தாலோ, காலைக் கழற்றி வைத்துவிட்டு, அதைப் பொருத்திய நிலையத்தில் காட்டியபின்தான் மீண்டும் அணிய வேண்டும்.